யாருக்கு, எதற்கு என்று கேட்டுவிட்டு எழுதுவோம்

(குறுவள மையக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் இருப்பார். தலைமையாசிரியர் ஏதாவது எழுதினால், "இதைக் கொஞ்சம் பார்த்துச் சரி பண்ணிக் கொடுங்க" என்று அவரிடம்தான் வரும். பெரும்பாலும் அவர் தமிழாசிரியராக இருப்பார். எங்கள் பள்ளியில் அது நான். பெற்றோருக்குப் போகும் சுற்றறிக்கை, ஊராட்சித் தலைவருக்குப் போகும் கடிதம், வாட்ஸ்அப் குழுவில் போடும் நான்கு வரி என எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். இந்த வேலையில் கவனிக்க வேண்டிய ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். கையில் வந்த செய்தி யாருக்கு, எதற்கு என்று உண்மையிலேயே தெரியாதபோது, திருத்தத் தொடங்கும் முன் எழுதியவரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதுதான் அது.

"உண்மையிலேயே தெரியாதபோது" என்று அழுத்திச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கத் தேவையில்லை. ஒற்றுப்பிழை திருத்த யாரையும் கேட்க வேண்டாம். நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைக்க அனுமதி வேண்டாம். "நடைபெறவுள்ளதால் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பதை "நடக்கிறது, வாருங்கள்" என்று மாற்றினால் பொருள் மாறப்போவதில்லை. இதற்கெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த முறை நம்மிடம் கொடுக்காமல் அப்படியே அனுப்பிவிடுவார்கள்.

கேட்க வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். மூலத்தில் உள்ள சொற்களுக்கு மாறாமல் இரண்டு வடிவம் எழுத முடிகிறதா என்று பார்ப்பேன். முடிந்தால், அந்த இரண்டையும் படிப்பவர் வேறு வேறு காரியம் செய்வாரா என்று பார்ப்பேன். நடை மட்டும் வேறு, செய்யப்போகும் காரியம் ஒன்றுதான் என்றால் நானே தேர்ந்தெடுத்துக்கொள்வேன். ஒரு வடிவத்தைப் படித்தவர் பிள்ளையை அனுப்புவார், இன்னொன்றைப் படித்தவர் அனுப்ப மாட்டார் என்றால் அங்கே பேனாவை வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். அந்த முடிவு எழுதியவருடையது. நடையழகு என்ற பெயரில் நாம் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு செய்தியையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். எங்கள் பள்ளி நடுநிலைப் பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை. ஒரு வியாழக்கிழமை மதியம் தலைமையாசிரியர் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் இருந்தது இது:

"தொடர்ந்து பள்ளிக்கு வராத மாணவர்களின் பெற்றோர் கவனத்திற்கு. பலமுறை தெரிவித்தும் மாணவர்கள் எல்லோரும் வரவில்லை. வரும் திங்கட்கிழமைக்குள் பெற்றோர் நேரில் சந்திக்கலாம். தவறினால் பெயர் நீக்கம் செய்யப்படும். உரியவர்களுக்குத் தெரிவிக்கவும்."

"ரொம்பக் கடுமையா இருக்கு சார். கொஞ்சம் கனிவா மாத்திக் கொடுங்க. சாயந்திரத்துக்குள்ள அனுப்பணும்" என்றார்.

கனிவாக மாற்றுவது பத்து நிமிட வேலை. "அன்பான பெற்றோர்களே" என்று தொடங்கி, "தங்கள் ஒத்துழைப்பை நாடுகிறோம்" என்று முடித்துவிடலாம். ஆனால் சோதனையை வைத்துப் பார்த்தால் இந்த ஐந்து வரியில் ஐந்து இடம் இடறுகிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாளை உங்கள் கைக்கு வரும் செய்தியிலும் இதே இடங்கள்தான் இடறும்.

முதலாவது, "மாணவர்கள் எல்லோரும் வரவில்லை". தமிழில் இதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவர்கூட வரவில்லை என்பது ஒன்று. சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை என்பது மற்றொன்று. பேசும்போது குரலின் ஏற்ற இறக்கம் எது என்று காட்டிவிடும். எழுத்தில் அந்தக் குரல் இல்லை.

இரண்டாவது, "சந்திக்கலாம்". "லாம்" என்ற ஈறு அனுமதியையும் குறிக்கும், நடக்கக்கூடும் என்பதையும் குறிக்கும், மரியாதையாகச் சொன்ன கட்டளையையும் குறிக்கும். அலுவலகத் தமிழுக்குப் பழகியவர் "சந்திக்கலாம்" என்றால் "வந்தாக வேண்டும்" என்று எடுத்துக்கொள்வார். கூலி வேலைக்குப் போகும் தாய் "விருப்பம் இருந்தால் போகலாம் போலிருக்கிறது" என்று எடுத்துக்கொள்வார். யாரைச் சந்திப்பது என்பதும் வரியில் இல்லை.

மூன்றாவது, "திங்கட்கிழமைக்குள்". எழுதிய நாள் வியாழன். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமையும் சேர்த்தியா, வெள்ளியோடு முடிந்ததா?

நான்காவது, "பெயர் நீக்கம் செய்யப்படும்". இது அச்சுறுத்தலா, தகவலா? "செய்யப்படும்" என்ற செயப்பாட்டு வினை, செய்பவர் யார் என்பதை மறைத்துவிடுகிறது. எதிலிருந்து பெயரை நீக்குவது என்பதும் சொல்லப்படவில்லை.

ஐந்தாவது, "உரியவர்களுக்குத் தெரிவிக்கவும்". எனக்குப் பொறி தட்டியது இந்த வரியில்தான். முதல் வரி பெற்றோரைப் பார்த்துப் பேசுகிறது. கடைசி வரியோ பெற்றோருக்குச் செய்தி கொண்டுபோக வேண்டிய ஆசிரியரைப் பார்த்துப் பேசுகிறது. ஒரே செய்தியில் இரண்டு பேரிடம் பேசினால், அது எங்கிருந்தோ வந்து பாதி மாறிய செய்தி என்று கொள்ளலாம். படிப்பவர் யார் என்பது எழுதியவர் மனத்திலேயே இன்னும் முடிவாகவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம்.

சரி, ஐந்து ஐயம். ஐந்தையும் கொண்டுபோய்த் தலைமையாசிரியர் முன் வைக்கலாமா? வேண்டாம். அவருக்கு நூறு வேலை. முதலில், யாரையும் கேட்காமல் நாமே தெரிந்துகொள்ளக் கூடியது எது என்று பார்க்க வேண்டும்.

வருகைப் பதிவேடுகளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வராதவர்கள் ஏழு பேர். வகுப்பாசிரியர்களிடம் கேட்டதில் விவரம் கிடைத்தது. மூன்று பேர் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு பேர் அண்ணன் தம்பி. ஒருவர் பின் ஒருவராக அம்மை போட்டு வீட்டில் இருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றும் வரை அனுப்ப மாட்டார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி, அம்மா வேலைக்குப் போவதால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். எட்டாம் வகுப்பில் ஒரு பையன், அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குப் பிறகு வரவே இல்லை. இதோடு முதல் ஐயம் தீர்ந்தது. "எல்லோரும்" என்ற சொல்லே தேவையில்லை. மூன்றாவது ஐயத்துக்குத் தேதியையும் நேரத்தையும் எழுதிவிட்டால் போதும். சரியா என்று கடைசியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

மீதி மூன்றையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். எதை முதலில் கேட்பது? எந்தக் கேள்வியின் விடை மற்றக் கேள்விகளையும் தீர்க்குமோ அதை. பெரும்பாலும் அது நோக்கம் பற்றிய கேள்வியாக இருக்கும்.

இங்கே கேள்வியின் வடிவம் முக்கியம். "மேடம், இது யாருக்கு? எதற்கு?" என்று கேட்டால் என்ன விடை வரும்? "பெற்றோருக்குத்தான் சார், பிள்ளைங்க வரலையே, அதுக்குத்தான்." விடை வந்துவிட்டது, ஆனால் நமக்குத் தெரிந்ததற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அது மட்டுமல்ல. எழுதிக் கொடுத்த பிறகு "எதற்கு?" என்று கேட்டால், எழுதியதே பிடிபடவில்லை என்று குறை சொல்வதுபோலவும் காதில் விழும்.

நாம் வகுப்பில் வினா ஆறு வகை என்று நடத்துகிறோம். நன்னூல் வகுத்ததுதான்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. "இதன் பொருள் என்ன?" என்பது அறியா வினா. "இது பாம்பா, கயிறா?" என்பது ஐய வினா. திருத்தும் வேலைக்குப் பயன்படுவது ஐய வினாதான். ஐய வினா கேட்பவர், தாளைப் படித்துவிட்டார், இரண்டு வழி தெரிகிறது என்று கண்டுபிடித்துவிட்டார், எந்த வழி என்று மட்டும் கேட்கிறார். பதில் சொல்பவருக்கும் எளிது. இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். இரண்டும் இல்லை, மூன்றாவது ஒன்று என்றால் அதுவும் அப்போதே வெளியே வந்துவிடும்.

அதனால் இப்படிக் கேட்டேன்: "மேடம், இதைப் படிச்ச அப்பா அம்மா திங்கட்கிழமை என்ன செஞ்சா நமக்கு வேலை முடிஞ்ச மாதிரி? பள்ளிக்கு வந்து உங்களப் பார்க்கணுமா, இல்ல பிள்ளைய அனுப்பிட்டாலே போதுமா?"

அவர் யோசிக்கவே இல்லை. "பிள்ளைய அனுப்பினா போதும் சார். ஒரு நாள் கூலிய விட்டுட்டு என்னை வந்து பார்த்து என்ன ஆகப்போகுது?"

பாருங்கள், செய்தியின் நடுவில் இருந்த வாக்கியமே விழுந்துவிட்டது. "சந்திக்கலாம்" என்பதைக் கட்டளையாக எழுதுவதா, அனுமதியாக எழுதுவதா என்ற ஐயமும் அதோடு போயிற்று. அந்த வாக்கியத்தைக் கனிவாக்கி, "தாங்கள் நேரில் வருகை தந்து சந்திக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்" என்று நான் எழுதியிருந்தால், தமிழ் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவருக்கு வேண்டாத ஒன்றை அழகாகக் கேட்டதாக ஆகியிருக்கும்.

"படிப்பவர் என்ன செய்ய வேண்டும்?" என்று நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. "உங்கள் நோக்கம் என்ன?" என்றால் மனிதர்கள் பொதுவாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். விழிப்புணர்வு, ஒத்துழைப்பு, ஒழுங்கு என்று போய்விடும். "திங்கட்கிழமை காலையில் அவர் என்ன செய்ய வேண்டும்?" என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒரு செயலைத்தான் சொல்ல முடியும். அந்தச் செயலைத் தாளில் முதலில் எழுதலாம்.

அடுத்து, பெயர் நீக்கம். இது கொஞ்சம் நுணுக்கமான இடம். 2009-ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தில் தொடக்கக் கல்வி என்பது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை. 2019-இல் வந்த திருத்தம் தேர்வையும் அதே வகுப்பில் நிறுத்துவதையும் பற்றிய பகுதியை மாற்றியதே தவிர, வெளியேற்றக் கூடாது என்பதை மாற்றவில்லை. எங்கள் பள்ளியில் உள்ள எல்லா வகுப்பும் இதற்குள் அடங்கும். தலைமையாசிரியருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆகவே "சட்டப்படி தவறு மேடம்" என்று தொடங்குவது சரியல்ல. எதை நினைத்து எழுதினார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

"பெயர் நீக்கம்னு இருக்கு. இதை இரண்டு மாதிரி எழுதலாம் மேடம். உண்மையிலேயே ஏதோ ஒரு பட்டியல்லேர்ந்து எடுக்கப் போறோம், முன்கூட்டியே சொல்றோம்னா ஒரு மாதிரி. கொஞ்சம் பயந்தாவது அனுப்பட்டும்னா வேற மாதிரி. எது?"

"எட்டாவது வரைக்கும் எப்படி சார் எடுக்க முடியும்? பயப்படட்டும்னுதான்" என்றார்.

பக்கத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியை இருந்தார். சூளைக்குப் போனவர்களில் ஒரு குழந்தை அவர் வகுப்பு. அவர் சொன்னார்: "பேரே போயிடுச்சாம்னு நெனச்சுட்டாங்கன்னா, ஊருக்குத் திரும்பினாலும் கூட்டிட்டு வர மாட்டாங்க மேடம். இனிமே போய் என்ன பண்றதுன்னு விட்டுடுவாங்க."

தலைமையாசிரியர் தாளை வாங்கி அந்த வரியை அவரே அடித்தார். இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த வரியை நானே கேட்காமல் எடுத்திருக்கலாம். விளைவு ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் அடுத்த மாதம் அவர் இன்னொரு செய்தி எழுதும்போது அதே வரி திரும்ப வந்திருக்கும். வேறு ஒரு செய்தியில் கெடு உண்மையான கெடுவாகவே இருக்கலாம். தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்பதுபோல. அங்கே கனிவு என்ற பெயரில் நான் அதை எடுத்துவிட்டால் பாதிக்கப்படுவது ஒரு மாணவர். கடுமையான வரி என்றாலே வேண்டாத வரி என்று முடிவு கட்ட முடியாது. கேட்டால்தான் தெரியும்.

மூன்றாவது கேள்வி சிறியது. "கடைசி வரி பெற்றோருக்கா, நமக்கா?" விடையும் சிறியதாகவே வந்தது. தலைமையாசிரியர்கள் குழுவில் வந்திருந்த ஒரு செய்தியிலிருந்து சில வரிகளை எடுத்திருக்கிறார். அதன் கடைசி வரியும் கூடவே வந்துவிட்டது. அது ஆசிரியர்களுக்கானது. அப்படியென்றால் நான் எழுத வேண்டியது ஒரு செய்தியல்ல, இரண்டு.

இப்போது நோக்கம் தெளிவு. ஆனால் படிப்பவர் யார் என்பது இன்னும் முடியவில்லை. "பெற்றோர்" என்றால் ஏழு வீடும் ஒன்றல்லவே. பதிவேட்டில் பார்த்ததை அவரிடம் சொன்னேன். அம்மை போட்ட வீட்டுக்கு இந்தச் செய்தி போகவே கூடாது என்று முடிவாயிற்று. நலம் விசாரித்து ஒரு அழைப்பு போதும். சூளைக்குப் போனவர்களைப் பற்றி இன்னொரு ஐய வினா: "அவங்க இங்க திரும்பி வரணும்னு கேட்கிறோமா, இல்ல அங்க பக்கத்துப் பள்ளியில படிச்சாலும் சரியா?"

"எங்க படிச்சா என்ன சார், படிச்சாச் சரி" என்றார்.

இந்தப் பதில் மூலத் தாளில் எங்கேயும் இல்லை. "திங்கட்கிழமைக்குள்" என்று அதில் இருந்ததற்கு நேர் எதிர் என்றுகூடச் சொல்லலாம். இதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு, வேறு பள்ளிக்கு மாற விரும்பும் குழந்தைக்குத் தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும் என்றும், அந்தச் சான்றிதழ் வரத் தாமதமானது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்றும் சொல்கிறது. அந்தக் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி இதுதான்.

எந்த எண்ணுக்கு அனுப்புவது என்பதும் யாருக்கு என்ற கேள்வியின் ஒரு பகுதிதான். எமிஸில் பதிந்திருக்கும் எண் யார் கையில் இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேட்டேன். சூளைக்குப் போன ஒரு குடும்பத்தின் எண், அவர்களை வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரியுடையது. அவர் கைபேசிக்குப் பெயர் போட்டு எழுதி அனுப்பினால் வீட்டு விஷயம் வேலை கொடுப்பவர் கையில் போய்ச் சேரும். இன்னொரு வீட்டில் கைபேசி அண்ணனிடம். படிக்கத் தெரிந்தவனும் அவன்தான். அம்மாவுக்கு எழுத்து எட்டாது, குரல்தான் எட்டும். ஆக, சில வீடுகளுக்கு எவ்வளவு நன்றாகத் திருத்தி எழுதினாலும் பயனில்லை. பேசத்தான் வேண்டும். இந்த எல்லையும் கேட்டதால்தான் தெரிந்தது.

இவ்வளவுக்கும் ஆன நேரம் பதிவேடு பார்க்க ஒரு பாடவேளை, பேச ஏழெட்டு நிமிடம். பிறகு எழுதியதைப் படிக்கிறேன். ஏழாம் வகுப்புச் சிறுமியின் வீட்டுக்கு:

"வணக்கம். உங்கள் மகள் இரண்டு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. வரும் திங்கட்கிழமை, 22-ஆம் தேதி, காலை மணி அடிப்பதற்கு முன் அனுப்பிவையுங்கள். விட்டுப்போன பாடங்களை நாங்கள் சொல்லித் தருகிறோம். அனுப்ப முடியாதபடி வீட்டில் சிரமம் இருந்தால் இந்த எண்ணில் என்னைக் கூப்பிடுங்கள். அவள் பெயர் நம் பள்ளியில் இருக்கிறது. இப்படிக்கு, ஏழாம் வகுப்பு ஆசிரியர்."

எட்டாம் வகுப்புப் பையன் வீட்டுக்கும் இதேதான், "மகன்" என்ற மாற்றத்துடன். இதில் "நாங்கள் சொல்லித் தருகிறோம்" என்பதையும் "நம் பள்ளியில்" என்பதையும் கவனியுங்கள். பாடம் சொல்லித் தருவது ஆசிரியர்கள். கேட்பவர் அதில் இல்லை, அதனால் "நாங்கள்". பள்ளி இருவருக்கும் உரியது, அதனால் "நம்". "நாம் சொல்லித் தருவோம்" என்று எழுதியிருந்தால் அம்மாவும் உட்கார்ந்து பாடம் நடத்த வேண்டும் என்று ஆகிவிடும்.

சூளைக் குடும்பங்களுக்கு எழுத்தில் எதுவும் அனுப்பவில்லை. வகுப்பாசிரியர் பேசும்போது கையில் வைத்துக்கொள்ள நான்கே வரி எழுதிக் கொடுத்தேன். "பிள்ளை பெயர் பள்ளியில் இருக்கிறது. ஊர் திரும்பியதும் நேராகக் கூட்டிவாருங்கள். அதுவரை அங்கே பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதானால் மாற்றுச் சான்றிதழ் உடனே தருகிறோம். அது வந்து சேரும் வரை சேர்க்கையை யாரும் நிறுத்தக் கூடாது."

கடைசி வரியிலிருந்து பிறந்த செய்தி ஆசிரியர்களுக்கு: "வகுப்பாசிரியர்கள் தத்தம் வகுப்பில் இரண்டு வாரத்துக்கு மேல் வராதவர்களின் வீட்டாருடன் வெள்ளிக்கிழமை மாலைக்குள் பேசி, காரணத்தைத் தலைமையாசிரியரிடம் தெரிவிக்கவும்." உரியவர்கள் யார், என்ன தெரிவிப்பது, எப்போதைக்குள் என்பது மூன்றும் வந்துவிட்டன. அனுப்பும் முன் எல்லாவற்றையும் தலைமையாசிரியரிடம் வாசித்துக் காட்டினேன். தேதி சரி என்றார். அனுப்பினோம்.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்புப் பையன் வந்தான். சிறுமி வரவில்லை, அவள் அம்மா கூப்பிட்டார். கைக்குழந்தையைக் காலையில் விட இடமில்லை என்றார். அங்கன்வாடிக்கு அனுப்பும் வயது குழந்தைக்கு இன்னும் ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேசி ஏற்பாடு செய்ய இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. வகுப்பாசிரியர் நேரில் போனார். செய்தி எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. ஆனால் "பெயர் நீக்கம்" என்று போயிருந்தால் அந்த அம்மா கூப்பிட்டிருக்க மாட்டார்.

உங்களில் சிலர் கேட்கக்கூடும். தலைமையாசிரியர் பக்கத்தில் இருந்தார், கேட்டீர்கள். அவர் ஒன்றியக் கூட்டத்துக்குப் போயிருந்தால்? அழைப்பை எடுக்கவில்லை என்றால்? அப்போது நான் செய்வது இது. ஐயத்துக்கு இடமான வரிக்கு இரண்டு வடிவமும் எழுதுவேன். அவற்றின் தலையில் ஒரு வரி: "பிள்ளையை அனுப்பினால் போதும் என்றால் முதலாவது, நேரில் வர வேண்டும் என்றால் இரண்டாவது." அவர் பேருந்தில் இருந்தாலும் "முதலாவது" என்று ஒரு சொல் அனுப்பிவிடலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் செய்தி போகாது. என் ஊகத்தை அவர் பெயரில் அனுப்ப எனக்கு உரிமை இல்லை. ஒரே ஒரு விலக்கு: நாளை விடுமுறை என்பதுபோல உடனே போயாக வேண்டியது என்றால், ஐயமில்லாத பகுதியை மட்டும் அனுப்பி, மீதி பிறகு வரும் என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று. அரசாணையையோ இயக்குநரகச் சுற்றறிக்கையையோ கொடுத்து எளிமையாக்கச் சொன்னால், மூலத்தை அப்படியே இணைத்துவிட்டு அதன் மேல் தனியாக விளக்கம் எழுதுவேன். அங்கே எழுதியவரைக் கேட்க முடியாது. ஐயமான இடத்தை "இது பற்றி அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்று வெளிப்படையாகவே விட்டுவிடுவது நல்லது.

இதை மாணவர்களிடமும் செய்து பார்க்கலாம். கடிதம், அறிவிப்பு எழுதும் பாடம் நடத்தும்போது நான் ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் இப்படி எழுதினேன்: "நாளை விளையாட்டு விழா. மாணவர்கள் வெள்ளை உடையில் வரலாம். பெற்றோர் அழைத்து வரவும்." இதைத் திருத்தி எழுதுங்கள் என்று சொல்லவில்லை. எழுதியவரிடம் இரண்டே கேள்வி கேட்கலாம். எதைக் கேட்பீர்கள் என்றேன். முதலில் விழா எத்தனை மணிக்கு, எந்த மைதானம் என்று கேட்டார்கள். பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், எங்க அம்மா என்னைக் கூட்டிட்டு வரணுமா, நான் எங்க அம்மாவைக் கூட்டிட்டு வரணுமா?" என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "பெற்றோர்" என்ற சொல்லில் "ஐ" உருபு விட்டுப்போனதா, இல்லை பெற்றோரே எழுவாயா என்று அவர்களே வாதாடினார்கள். வேற்றுமை உருபு எதற்கு என்று நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பயிற்சியை நீங்களும் நாளை நடத்தலாம். உங்கள் பள்ளிக் குழுவில் போன மாதம் போன ஏதாவது ஒரு செய்தியை, பெயர்களை எடுத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதினால் போதும். கேள்வியை மாணவர்கள் கண்டுபிடிப்பார்கள்.